ஜோபா அனுப்பிய மூன்று படங்கள்

சால்கே மராண்டி சோறு சாப்பிடும்போதும் கோழி எச்சத்தைப் பார்ப்பாள். இதைச் சொல்லிச் சொல்லியே ஜாம்பனி ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். தட்டில் பழைய சோறும் வெங்காயமும் இருக்கும், பக்கத்தில் ஃபோன் இருக்கும், அதில் யார் வீட்டுக் கோழியோ கழிந்தது பெரிதாகத் தெரியும். ஒரு கவளம் வாய்க்குப் போகும், ஒரு விரல் திரையைத் தள்ளும். இவளுக்கு அருவருப்பு என்ற ஒன்றைப் படைத்தவன் வைக்கவே மறந்துவிட்டான் என்பார்கள்.

முப்பத்தெட்டு வயது. புருஷன் செங்கல் சூளை வேலைக்கென்று போய் எட்டு வருஷம் ஆகிறது, செத்தானா இருக்கிறானா என்று தெரியாது. அவளும் விசாரிப்பதை விட்டுவிட்டாள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பெண்கள் குழுவில் யாராவது ஒருத்தியைக் கால்நடைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று வட்டார ஆபீசிலிருந்து சொல்லி வந்தபோது, கைக்குழந்தை இல்லாதவள், கேட்பதற்கு ஆள் இல்லாதவள் என்ற கணக்கில் இவளைத் தள்ளிவிட்டார்கள். பத்து நாளில் திரும்பி வந்தாள். தோளில் நீலப் பை, பைக்குள் ஐஸ் போட்டு மருந்து கொண்டுவரும் பிளாஸ்க், ஊசி, குடற்புழு மருந்து. "பிராணி மித்ரா", அதாவது விலங்குகளின் தோழி, என்று அட்டையில் எழுதியிருந்தது. ஊர் அதைப் படிக்கவில்லை. கோழிக்காரி என்று கூப்பிட்டது.

மூன்று வருஷத்தில் அந்தக் கோழிக்காரிக்கு ஊரில் ஒரு மரியாதை வந்திருந்தது. முன்பெல்லாம் கோழி சுருண்டு படுத்தால் குறி சொல்லும் தூலு ஓஜாவிடம் ஓடுவார்கள். அவன் சால மரத்து இலையில் எண்ணெய் தடவிப் பார்த்து யாருடைய கண், எந்தத் தெய்வத்தின் கோபம் என்று சொல்வான். இப்போது முதலில் சால்கேவுக்குப் படம் போகும். அதற்கு அவள் ஒரு முறையே வகுத்து வைத்திருந்தாள். ஒன்று, கொண்டையும் முகமும். இரண்டு, வாலைத் தூக்கி, சிறகைப் பிரித்து, இறகின் அடி தெரிய ஒரு படம். மூன்று, அன்று காலை விழுந்த எச்சம். கொண்டை வெளுத்திருந்தால் ரத்தம் குறைகிறது. இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் பேன் முட்டை. வாலுக்குக் கீழே பஞ்சு இறகு கரி பூசினாற்போல் கறுத்திருந்தால் செள்ளு, ரத்தம் உறிஞ்சும் பூச்சி. எச்சத்தில் ரத்தம் கலந்தால் ஒரு நோய், பச்சைத் தண்ணீராகப் போனால் வேறு நோய். பழுப்பாக இருந்து மேலே வெள்ளைத் தொப்பி வைத்திருந்தால் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

மூன்றாவது படத்தில்தான் ஒரு தொல்லை இருந்தது. சந்தால் பழங்குடி வீட்டு முற்றத்தில் எச்சத்தைத் தேடிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கூட்டி, சாணி மெழுகி, கண்ணாடி மாதிரி வைத்துவிடுவார்கள். வெளியாள் ஒருத்தி தன் முற்றத்துப் பீயைப் பார்ப்பதா? ஃபோனில் பார்த்தாலும் பார்வை பார்வைதானே. அதனால் எச்சத்தைக் குச்சியால் வாரி, சாப்பாடு பரிமாறுவது போல, பச்சைச் சால இலையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

"இலையில வைக்காதீங்கடி, தரையிலேயே கிடக்கட்டும்" என்று சால்கே சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனாள்.

"அசிங்கமா இருக்காதா அண்ணி?" என்றாள் பிட்டி. கான்ஹு முர்முவின் மனைவி, வாயாடி.

"பீ அசிங்கமாத்தாண்டி இருக்கும். அதுக்கு இலை போட்டா பாயசம் ஆயிடுமா?"

மாசி பிறப்பதற்கு முன் அந்தப் பிட்டி வீட்டிலிருந்தே ஒரு படம் வந்தது. இலையில் பச்சையாக எச்சம். பச்சைக் கழிச்சல் என்றால் ராணிக்கெட் என்ற கோழிக் கொள்ளைநோய், ராணிக்கெட் என்றால் ஊரே காலி. சால்கே வட்டாரக் கால்நடை டாக்டருக்குப் படத்தை அனுப்பி, கெஞ்சி, வரவழைத்தாள். அவர் இருபது கிலோமீட்டர் பைக்கில் வந்து பார்த்தால் கோழி முற்றத்தில் கொழுகொழுவென்று மேய்கிறது. இலையின் பச்சை ஈரத்தில் ஏறி எச்சமும் பச்சையாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். "உங்க ஊர்ல இலைக்கு வைத்தியம் பாக்கக் கூப்பிட்டிருக்கீங்க" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். பிட்டி ஒரு மாதம் அதையே சொல்லிச் சிரித்தாள். சால்கேவும் சிரித்தாள், ஆனால் அது உள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை ஜோபா டுடுவின் மகள் மைனோ மூன்று படம் அனுப்பினாள்.

ஜோபா விதவை. ஊரின் தெற்குக் கோடியில் வீடு. அவளிடம் இருந்தது ஒரு மகளும் பதினான்கு கோழிகளும். மைனோவுக்கு அடுத்த ஊரில் மாப்பிள்ளை பார்த்து, பேச்சு முடிந்து, அறுவடைக் களைப்பு தீர்ந்ததும் கல்யாணம் என்று நாளும் குறித்தாயிற்று. கோழிகள் அந்த விருந்துக்கு. ஒன்றைக்கூட விற்காமல், அறுக்காமல், பருந்துக்குக் கொடுக்காமல் காத்து வந்தாள்.

முதல் படத்தில் ஒரு சிவப்புப் பெட்டை. கொண்டை வெளுத்திருந்தது. இரண்டாவது படத்தில் ஜோபாவின் கை வாலைத் தூக்கிப் பிடித்திருந்தது, பஞ்சு இறகு கறுத்துக் கிடந்தது. சால்கே பெரிதாக்கிப் பார்த்தாள். ஜோபாவின் கட்டைவிரல் நகத்தின் மேலேயே இரண்டு கரும்புள்ளி. செள்ளு. சந்தேகமே இல்லை. மூன்றாவது படத்தில் இலை, இலையில் எச்சம், பச்சை.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் அவள் காதில் டாக்டரின் குரல்தான் கேட்டது. இலைக்கு வைத்தியம். மறுபடியும் அந்த அவமானத்தை விலைக்கு வாங்க அவள் தயாராக இல்லை. கூடவே, கேட்டதற்கான விடை இரண்டாவது படத்திலேயே கிடைத்துவிட்டது. தேடிய பொருள் கிடைத்த பிறகு வீட்டை யார் மேற்கொண்டு துழாவுகிறார்கள்? அவளும் துழாவவில்லை. ஜோபாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, செள்ளு ஏறியிருக்கு. ரத்தத்தை உறிஞ்சுது, அதான் சோர்ந்து நிக்குது. பயப்படாத."

"பச்சையா இருக்கற மாதிரி இருந்துச்சு சால்கே..."

"இலையில வைக்காதன்னா கேக்கறியா? இலை பச்சைன்னா எல்லாம் பச்சைதான்."

ஜோபா மேலே பேசவில்லை. படித்தவள் சொல்கிறாள், பேசுவது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பாள்.

செள்ளுக்கு ஒரு வீட்டில் மட்டும் மருந்து போட்டால் பயன் இல்லை. பக்கத்து வீட்டுக் கூட்டிலிருந்து மறுபடி வந்து சேரும். அதனால் புதன்கிழமை ஊர் முழுக்கப் போட்டுவிடுவது என்று சால்கே முடிவு செய்தாள். வேலை சுத்தமாகத்தான் செய்தாள், அதுதான் கொடுமை. அடுப்புச் சாம்பலைச் சலித்து, பூச்சிப் பொடியைக் கலந்து, ஒரு சாக்கில் போட்டுக்கொண்டாள். கோழியைத் தலை மட்டும் வெளியே தெரியச் சாக்குக்குள் விட்டு, சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குலுக்க வேண்டும். பொடி இறகின் அடிவரை போய்விடும். செள்ளு அதிகம் உள்ள வீட்டிலிருந்து தொடங்குவோம் என்று தெற்குக் கோடியில், ஜோபா வீட்டில் ஆரம்பித்தாள். சிவப்புப் பெட்டை முதலில் போயிற்று. சாக்குக்குள்ளேயே கழிந்தது. அதே சாக்கு, அதே பொடி, அதே கை, அதே செருப்பு, வரிசையாக முப்பத்தொரு வீடு.

மறுநாள் சிவப்புப் பெட்டை செத்தது. ஜோபா வந்து சொன்னாள். "ரத்தம் ரொம்பப் போயிருக்கும் அக்கா, நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று சால்கே அவளையே கடிந்துகொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிட்டியின் சேவல் கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றியது. வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. அன்று மாலைக்குள் அவள் வீட்டில் நான்கு, எதிர் வீட்டில் மூன்று. இந்தத் தடவை எச்சத்தை யாரும் இலையில் வைக்கவில்லை, வைக்க நேரம் இல்லை. மெழுகிய தரையெங்கும் பச்சைத் தண்ணீர். தடுப்பு மருந்து அடுத்த வாரம் வருவதாக இருந்தது. வந்து என்ன? நோய் ஏறிய கோழிக்கு ஊசி போட்டு எழுப்ப முடியாது. ஜோபாவின் மீதிப் பதின்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஜாம்பனியில் காலையில் கூவுவதற்கு ஒரு சேவல் இல்லாமல் போயிற்று. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லி வீடு வீடாக அலைந்தாள் சால்கே. இப்போதுதான் வாசலுக்கு வாசல் செருப்பைக் கழுவினாள்.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை ஊர் ஆண்கள் தூலு ஓஜாவிடம் போனார்கள். அவன் எண்ணெய் தடவிய இலையை நெடுநேரம் பார்த்தான். தெற்கு மூலை என்றான். பெண்பிள்ளை, துணை இல்லாதவள் என்றான். பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. முதலில் எந்த வீட்டுக் கோழி செத்தது என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான், ஊருக்கு அதற்கு மேல் ஓஜா தேவைப்படவில்லை. ஜோபா டாகினி, சூனியக்காரி என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். செத்த கோழி ஒன்றை அறுத்து, இரைப்பைக்கு முன்னால் உள்ள பையைப் பிளந்து காட்டினார். உள்தோலில் ஊசியால் குத்தியதுபோல் ரத்தப் புள்ளிகள்.

"ராணிக்கெட். முதல்ல எந்தக் கோழிக்கு வந்துச்சு? அப்ப எச்சம் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்" என்றாள் சால்கே. "செள்ளு மாதிரி இருந்துச்சு."

டாக்டர் அடுத்த ஊருக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். மேலே கேட்கவில்லை.

அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு மைனோ அனுப்பிய படத்தைத் திறந்தாள். இலையை விட்டுவிட்டு இலையைச் சுற்றியிருந்த தரையைப் பார்த்தாள். குச்சியால் வாரும்போது சிந்திய ஒரு துளி, இலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, மெழுகிய மண்ணின் மேல் கிடந்தது. அதற்கடியில் இலை இல்லை. அது பச்சையாக இருந்தது. ஓரத்தில் வெள்ளை கலந்த தண்ணீர்ப் பச்சை. இரண்டாவது படத்துக்குப் போனாள். செள்ளு பிடித்த இறகு காய்ந்து கறுத்திருக்கும். இதில் நுனி நுனியாக ஈரத்தில் ஒட்டிச் சடை விழுந்திருந்தது. செள்ளும் இருந்தது, கழிச்சலும் இருந்தது. இரண்டுமே கண் முன்னால் இருந்தன. அவள் ஒன்றைப் பார்த்துவிட்டு ஃபோனை மூடியிருந்தாள்.

நோயை ஊருக்குள் கொண்டுபோனது ஜோபாவின் கண் அல்ல. சால்கேவின் சாக்கு.

அவள் கெட்டவள் இல்லை. ஆனால் பயந்தாள், பச்சையாகப் பயந்தாள். தெற்கு மூலையில் ஜோபா என்றால் வடக்கு மூலையில் இவள், இருவருமே துணை இல்லாதவர்கள். முப்பத்தொரு வீட்டுக் கோழியையும் தன் கையால் தொட்டவள் ஜோபாவா, இவளா? வாயைத் திறந்தால் ஓஜாவின் விரல் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். படத்தை அழிக்கும் இடத்தில் விரலை வைத்தாள், எடுத்தாள். மைனோவின் ஃபோனில் இடம் இல்லையென்று அவள் படங்களை அனுப்பியதும் அழித்துவிடுவாள். ஆக உலகத்திலேயே இந்தப் படம் இருப்பது இந்த ஒரு ஃபோனில்தான்.

வெள்ளிக்கிழமை குழாயடிக்கு ஜோபா வந்தபோது பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சால்கேவும் அங்கே நின்றாள். அவள் குடத்தைத் தூக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. ஜோபா அவளைப் பார்த்து, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "நோய்னு சொன்னாரு அக்கா" என்றாள். "அதைக் கொஞ்சம் இவங்ககிட்ட சத்தமாச் சொல்லேன்" என்றாள் ஜோபா. சால்கே சத்தமாகச் சொன்னாள். "நோய்தான், ஆனா நோயை ஏவிவிட்டது யாரு?" என்று பிட்டி கேட்டாள். அதற்கான பதில் சால்கேவின் இடுப்பில், சேலை முடிச்சில், ஃபோனுக்குள் இருந்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை ஜோபா வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் சைக்கிளில் வந்து தெற்குக் கோடிக்குப் போய், உட்காராமல் திரும்பியதைச் சால்கே பார்த்தாள். யார் என்று விசாரிக்கவில்லை. தானாக அடங்கிவிடும், இரண்டு நாளில் இலுப்பைப்பூ விழத் தொடங்கினால் பொறுக்க எல்லாரும் காட்டுக்குப் போய்விடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை ஊர்க் கூட்டம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஜோபாவைக் கேட்கப் போகிறார்கள்.

ஊர்த் தலைவர் ரகுநாத் மாஞ்ஜியின் முற்றத்தில் கூடினார்கள். ஜோபா நடுவில் நின்றாள். கன்னம் ஒட்டி, நான்கு நாளில் பத்து வயது கூடியிருந்தது. மைனோ வரவில்லை.

"உன் வீட்டுலதான் முதல்ல செத்துது" என்றார் மாஞ்ஜி. நல்ல மனிதர்தான், ஆனால் கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தலையாட்டுகிறவர். "என்ன செஞ்ச, ஏது செஞ்சன்னு நீயே சொல்லிடு. ஊரு பாத்து ஏதாவது முடிவு பண்ணும்."

"கோழி செத்தா நான் என்னய்யா செய்வேன்? எனக்கும் பதினாலு போச்சே."

"டாகினிங்க தன்னோடதையும் குடுத்துத்தான் செய்வாங்க" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

ஜோபா அழவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சால்கேவின் முகத்துக்கு வந்ததும் அவள் பார்வை நின்றது. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. படித்தவள், ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவாள் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் சால்கேவால் தாங்க முடியவில்லை. எழுந்தாள்.

"மாமா, நான் கொண்டுபோனதுதான்."

யாருக்கும் புரியவில்லை. அவள் ஃபோனை எடுத்து மாஞ்ஜியின் கையில் கொடுத்து, அந்தத் துளியைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இது அக்கா எனக்கு அனுப்பின படம். ஊருல ஒரு கோழியும் சாகறதுக்கு முன்னாடி. இங்க பாருங்க, இலைக்கு வெளியில. இது கழிச்சல். இதைப் பாத்திருந்தா அந்த ஒரு கோழியைக் கூடையில கவுத்துத் தனியா வெச்சிருக்கணும். அந்த வீட்டுக்குள்ள போன காலைக் கழுவாம நான் வேற வாசப்படி ஏறியிருக்கக் கூடாது. நான் செள்ளுன்னு சொன்னேன். நோய்க் கோழியைச் சாக்குல போட்டுக் குலுக்கி, அதே சாக்குல உங்க கோழியையும் போட்டேன். பச்சையா இருக்குன்னு அக்கா சொன்னா. நான்தான் வாயை மூடுன்னேன்."

பிட்டி முதலில் எழுந்தாள்.

"அப்ப என் சேவலு?"

"என் சாக்கு."

"என் குஞ்சுங்க? அது மொத்தமும்?"

"என் சாக்குதான் பிட்டி."

பிட்டி அவள் முகத்தின் மேல் துப்பவில்லை, காலடியில் துப்பினாள். ஆண்கள் ஒருவருக்கொருவர் பேசத் தொடங்கினார்கள். தூலு ஓஜா, இலையில் சில சமயம் மூலை மாறித் தெரியும் என்று முனகினான். ஃபோன் கைக்குக் கை மாறியது. அந்தத் துளியை எல்லாரும் பார்த்தார்கள். பச்சைதான், பச்சைதான் என்றார்கள். கடைசியில் மாஞ்ஜி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜோபா மேல் ஊருக்கு ஒன்றும் இல்லை என்றார். சால்கே இனி இந்த ஊரில் எந்த வீட்டுக் கோழியையும் தொடக் கூடாது, வாசல் படி ஏறக் கூடாது, அந்தப் பையை ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும் என்றார். அதோடு விட்டார்களே என்றிருந்தது சால்கேவுக்கு. உண்மையைச் சொன்னால் உயிரோடு இருக்கலாம் என்பது அவளே எதிர்பார்க்காதது. ஒரு கணம் அவளுக்குத் தன் மேலேயே கொஞ்சம் பெருமைகூட வந்தது.

கூட்டம் கலைந்தது. ஜோபா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். சால்கே அருகே போய்க் குனிந்து அவள் காலைத் தொட்டாள்.

"மன்னிச்சிடு அக்கா."

ஜோபா காலை இழுத்துக்கொள்ளவில்லை. எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"இந்தத் துளியை நீ எப்பப் பாத்த?"

சால்கே நிமிரவில்லை.

"டாக்டர் வந்த அன்னிக்கு."

"வியாழக்கிழமை."

"ஆமா அக்கா."

"நேத்து மாப்பிள்ளை வீட்டுத் தரகர் வந்தாரு. டாகினி வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டுப் போனாரு. தண்ணிகூடக் குடிக்கல. மைனோ அப்பப் படுத்தவதான், இன்னும் எந்திரிக்கல." ஜோபாவின் குரல் உயரவில்லை. "நேத்து அந்தப் படம் உன் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"முந்தாநேத்து கல்லெறிஞ்சாங்களே, அப்ப?"

"இருந்துச்சு அக்கா."

"குழாயடியில நான் உன்கிட்டக் கேட்டேனே."

ஜோபா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளுக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தெற்குப் பக்கமாக நடந்தாள்.